படத்தில் இருந்த மேசை

அக்கா ஒரு லிங்க் அனுப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டேய், இது நிஜ போட்டோவா, கம்ப்யூட்டர்ல பண்ணதா? பாத்து சொல்லு, அப்புறம்தான் ஆர்டர் போடுவேன்." கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன மேசை அது. இரண்டு டிராயர், பித்தளை நிறக் கைப்பிடி, 'முழுவதும் திடமரம்' என்று விவரத்தில் எழுதியிருந்தார்கள். பொருட்களுக்கு முப்பரிமாண மாடல் செய்து, கேமரா இல்லாமலே விளம்பரப் படம் உருவாக்கித் தருவதுதான் பல வருடங்களாக என் தொழில். அதனால்தான் என்னிடம் கேட்டாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்பலகையில் லேசாகத் தூசி தெரிந்தது, கைப்பிடியில் விரல் ரேகை படிந்த மங்கல் இருந்தது, பின்னால் சுவர் மென்மையாகக் கலங்கியிருந்தது. "நிஜ போட்டோதான்க்கா, வாங்கு" என்று சொல்லிவிட்டேன்.

வந்தது மரத்தூள் பலகை. மேலே மரம் போல அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. டிராயரை இழுத்தால் பாதி ஆழத்தில் நின்றது. படத்தில் பார்த்ததைவிட மேசை குட்டையாகவும் இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ பாத்தும் தெரியலையே, அப்ப நாங்க எப்படிடா பாக்குறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை.

எங்கே சறுக்கினேன் என்று யோசித்தபோது முதலில் பிடிபட்டது இதுதான். நான் தேடிய அடையாளங்கள் எல்லாம் என் கையாலேயே நான் தினமும் போடுகிறவை. மாடலிலிருந்து கம்ப்யூட்டர் உருவாக்கும் படத்தை ரெண்டர் என்போம். அது ரொம்பச் சுத்தமாக இருந்தால் பொம்மை போலத் தெரியும். அதனால் விரல் ரேகைக்கென்றே தனியாக ஒரு படலம் சேர்ப்போம். மேற்பரப்பு எங்கே எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பதை அந்தப் படலம் மாற்றிவிடும். விளிம்புகளை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்குவோம். துளியும் மழுங்காத விளிம்பு உலகத்தில் கிடையாது, மழுக்கினால்தான் அதில் ஒளிக்கோடு விழும். லென்சின் மங்கல், கேமரா சென்சாரின் புள்ளிக்குறுணை எல்லாவற்றையும் கடைசியில் சேர்ப்போம். ஆக, 'கறை இருக்கிறது, எனவே உண்மை' என்ற கணக்கு செல்லாது. கறைதான் சேர்ப்பதற்கு மிகச் சுலபமானது.

மறுபடி அதே படத்தோடு உட்கார்ந்தது

ஒரு ராத்திரி அந்த விளம்பரத்தையே மறுபடி திறந்தேன். இந்த முறை மேசை எவ்வளவு நிஜமாகத் தெரிகிறது என்று பார்க்கவில்லை. மேசையை ஒருவன் மாடல் செய்திருந்தால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருப்பான் என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததும் விஷயம் வேறாகிவிட்டது.

டிராயர் திறந்திருக்கும் படம் ஒன்று இருந்தது. நிஜ டிராயர் எதன் மேலாவது ஓட வேண்டும். பக்கவாட்டில் உலோகத் தண்டவாளம் இருக்கும், அல்லது மரச்சட்டம் இருக்கும், அதைப் பிடித்த ஸ்க்ரூவின் தலை தெரியும். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் ஏதாவது ஒரு மூட்டு இருக்கும். அடிப்பலகை ஒரு காடியில் செருகியிருக்கும், அதன் கோடாவது தெரியும். இந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. ஐந்து வழவழப்பான தகடுகள் சேர்ந்த ஒரு பெட்டி, எந்தப் பிடிப்பும் இல்லாமல் காற்றில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர் கண் கைப்பிடிக்கும் மரத்துக்கும் போகும், உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மாடல் செய்தவர் விட்டிருக்கிறார். அவசரத்தில் நானும் விட்டிருக்கிறேன், அதனால் அந்த வெறுமையைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது.

அடுத்து மர ரேகை. மேல் டிராயர் முகப்பில் இடது ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி நீள்வட்டமாக ஒரு கணு இருந்தது. கீழ் டிராயரில் அதே இடத்தில் அதே கணு. ஒரே மரப்படத்தை இரண்டு முறை ஒட்டியதால் வருவது அது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அச்சடித்த தாள் ஒட்டிய நிஜப் பலகையிலும் இதே போலக் கணு திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அந்தத் தாளே ஒரு உருளையில் சுற்றிச் சுற்றி அச்சாவது. அதனால் கணு திரும்பி வருவதை மட்டும் வைத்து 'இது கம்ப்யூட்டர் படம்' என்று சொல்ல முடியாது. அதே நேரம், விளம்பரத்தில் திடமரம் என்று எழுதியிருக்கிறதே? படம் போட்டோவாக இருந்தால் பொருள் திடமரம் இல்லை. படம் ரெண்டராக இருந்தால் அந்த மரத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டில் எதுவானாலும் 'திடமரம்' என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை. வாங்குகிறவருக்கு அது போதும்.

திடமரமா என்று பார்க்க இன்னும் நல்ல இடம் பலகையின் வெட்டுமுகம். மேல்பலகையில் நீளவாக்கில் ஓடுகிற ரேகை, பலகை முடிகிற பக்கத்தில் வளைய வளையமாக, அடிமரத்தை அறுத்தது போலத் தெரிய வேண்டும். அந்த வளையங்கள் மேலே ஓடும் கோடுகளோடு விளிம்பில் பொருந்தவும் வேண்டும். இந்தப் படத்தில் வெட்டுமுகத்திலும் அதே நீளக்கோடுகள் படுத்த வாக்கில் ஓடின. எந்த மரத்தை அறுத்தாலும் அப்படி வராது.

மூன்றாவதாக நான் பார்த்ததை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மேசை மூன்று நிறங்களில் விற்பனைக்கு இருந்தது. மூன்று படங்களையும் பிரவுசரில் மூன்று டேப்களில் திறந்து வேகமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். மேசையின் நிறம் மட்டும் மாறியது, மற்றது எதுவும் அசையவில்லை. மேலே மடித்துப் போட்டிருந்த துணியின் ஒவ்வொரு சுருக்கமும், கைப்பிடியில் இருந்த ஒளிப்புள்ளியும், அந்த விரல் ரேகையும் கூட அதே இடத்தில் நின்றன. நிஜமாக மூன்று மேசைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து எடுத்திருந்தால், கேமராவை முக்காலியில் பூட்டி வைத்திருந்தாலும் துணி ஒரே மாதிரி விழாது. சரி, ஒரு நிஜ போட்டோவை எடுத்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி இருந்தாலும் மூன்றில் இரண்டு நிறங்களை யாரும் படம் எடுக்கவில்லை என்பது உறுதியாகிறது. அக்கா ஆர்டர் போட்ட நிறம் அந்த இரண்டில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

கடைசியாக அளவு. விவரத்தில் அகலம் 40 செமீ, உயரம் 55 செமீ என்று போட்டிருந்தது. நேர் எதிரே இருந்து காட்டும் படத்தைத் திரையில் அளந்தேன்: அகலம் 410 பிக்சல், உயரம் 640 பிக்சல். உயரத்தை அகலத்தால் வகுத்தால் விவரப்படி 1.375 வர வேண்டும். படத்தில் 1.56 வந்தது. அகலம் 40 என்றால் படத்தில் இருக்கும் மேசை 62 செமீக்கு மேல் உயரம். கேமரா சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும், ஒன்றிரண்டு செமீயை நான் பொருட்படுத்த மாட்டேன். ஏழு செமீ அப்படி வராது. இதற்கு எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம், திரையில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்தாலே போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நேர் எதிரே எடுத்த படத்தில்தான் அளக்க வேண்டும். சாய்வாக நிற்கும் பொருளை அளந்தால் விகிதம் தானாகவே மாறும்.

ரெண்டர் என்றாலே ஏமாற்றா?

இவ்வளவும் கண்டுபிடித்த வேகத்தில் அக்காவுக்கு ஒரே வரியில் விதி சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்: கம்ப்யூட்டர் படம் என்றால் வாங்காதே. தட்டச்சு செய்தும் விட்டேன். அனுப்பவில்லை. அன்று பகலெல்லாம் நான் செய்துகொண்டிருந்த வேலை நினைவுக்கு வந்தது. ஒரு நாற்காலி. தொழிற்சாலை அதை உற்பத்தி செய்யப் பயன்படுத்தும் அதே வடிவமைப்புக் கோப்பிலிருந்துதான் நான் படம் செய்கிறேன். ஒவ்வொரு ஆணியும் அதில் இருக்கிறது. துணியின் மாதிரித் துண்டை என் மேசையில் வைத்து, அதன் நூலை ஒரு லென்சு வழியாகப் பார்த்துப் பார்த்து நிறத்தைப் பொருத்துகிறேன். அந்தப் படத்தை நம்பி வாங்குகிறவருக்கு அதே நாற்காலிதான் போகும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஐகியா நிறுவனம் 2006இல் ஒரு மர நாற்காலியை வைத்துத் தன் முதல் கம்ப்யூட்டர் படத்தைக் கேட்டலாக்கில் போட்டது. 2009 வாக்கில் அங்கே பொறுப்பில் இருந்த ஒருவர் ரெண்டர் குழுவைக் கூப்பிட்டு, படங்கள் மோசமாக இருக்கின்றன, இந்த வேலையை நிறுத்துங்கள் என்று சத்தம் போட்டார். அவர் குறை சொன்ன படங்களை எடுத்துப் பார்த்தபோது அவை போட்டோக்கள். அவர் நன்றாக இருக்கிறது என்றவைதான் கம்ப்யூட்டரில் செய்தவை. 2014 வாக்கில் அந்த நிறுவனத்தின் தனிப் பொருட்படங்களில் சுமார் 75 சதவீதம் வரை கம்ப்யூட்டர் படங்கள்தான். தினமும் படங்களோடு வாழ்கிறவரே பார்வையில் பிரிக்க முடியாமல் தவறினார். அந்தப் படங்களைப் பார்த்து வாங்கியவர்களுக்கு வீட்டுக்கு வந்தது, படத்தில் இருந்த அதே பொருள்.

இங்கேதான் என் எண்ணம் திரும்பியது. அக்கா கேட்ட கேள்வியை நான் அப்படியே எடுத்துக்கொண்டதுதான் தவறு. நிஜப் படமா, செய்த படமா என்று பார்ப்பது அரைக்கேள்வி. இந்தப் படத்தை உருவாக்கியவருக்கு முன்னால் அந்தப் பொருள் இருந்ததா, அல்லது அதைச் செய்வதற்கான கோப்பாவது இருந்ததா என்பதுதான் வாங்குகிறவருக்குத் தேவை. போட்டோ எடுத்தவர் பொருளைப் பார்த்திருக்கிறார். ஒழுங்கான ரெண்டர் செய்தவர் பொருளின் கோப்பைப் பார்த்திருக்கிறார். அக்கா வாங்கிய மேசையின் படத்தைச் செய்தவர் இரண்டையும் பார்க்கவில்லை. வேறு ஏதோ ஒரு மேசையின் போட்டோவைப் பார்த்து வெளித்தோற்றத்தை மட்டும் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே தண்டவாளம் இல்லாததும் உயரம் பொருந்தாததும் அதனால்தான்.

2012இல் கிக்ஸ்டார்ட்டர் எடுத்த முடிவும் இந்த வழியில்தான் எனக்கு விளங்கியது. அங்கே இன்னும் உற்பத்தியாகாத பொருளுக்கு முன்கூட்டியே பணம் திரட்டுவார்கள். ஹார்டுவேர், பொருள் வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் நிஜம் போலத் தோன்றும் ரெண்டர் படங்களை அவர்கள் தடை செய்தார்கள். முன்மாதிரி இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறதோ, அதைத்தான் படம் எடுத்துக் காட்ட வேண்டும். பொருளே இன்னும் முடியாத இடத்தில் ரெண்டர் என்பது ஆசையின் படம். கோப்பு முடிந்து உற்பத்தி ஓடும் இடத்தில் அதே ரெண்டர் நம்பகமான படம்.

எண்ணிப் பாருங்கள்

இப்போது இதில் மூன்றாவதாக ஒரு வகை சேர்ந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் நாலு வார்த்தை எழுதிப் பெறும் படம். இதில் பொருளும் கிடையாது, கோப்பும் கிடையாது. ஒளியும் நிழலும் அழகாக விழும், ஏனென்றால் அந்தக் கருவிகள் கற்றுக்கொண்டதே நல்ல போட்டோக்களிலிருந்து. விரல்கள் ஆறாக இருக்கும், எழுத்துகள் சிதைந்திருக்கும் என்று சில வருடங்களுக்கு முன்பு சொல்லிக் கொடுத்ததெல்லாம் வேகமாகப் பழசாகி வருகிறது. ஆனால் ஒரு பலவீனம் இன்னும் கைகொடுக்கிறது. பின்னால் ஒரு நிலையான வடிவம் இல்லாததால், ஒரே பொருளை வேறு வேறு கோணத்தில் கேட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக வரும்.

சமீபத்தில் ஒரு மேசைவிளக்கின் விளம்பரத்தில் இதைச் செய்து பார்த்தேன். தலைப்பகுதியில் வெப்பம் வெளியேறும் நீள்துளைகள் இருந்தன. முதல் படத்தில் எண்ணினேன், ஏழு. பக்கவாட்டுப் படத்தில் துளைகள் நன்றாகத் தெரிந்தன, ஒன்பது. முதல் படத்தில் ஒயர் அடித்தட்டின் பின்புறத்திலிருந்து வந்தது. மூன்றாவது படத்தில் அடித்தட்டில் ஒயரே இல்லை, தண்டின் நடுவிலிருந்து ஒன்று கிளம்பி மேசைக்குப் பின்னால் போனது. கழுத்தில் இருந்த திருகு ஒரு படத்தில் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று பார்த்தேன், சுவிட்ச் மட்டும் அதே பக்கத்தில் இருந்தது. முழு வேலைக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. துளை, ஸ்க்ரூ, கால், பட்டன், தையல் வரிசை என்று எண்ணக்கூடிய எதையாவது பிடித்துக்கொண்டு எல்லாப் படத்திலும் எண்ணிப் பார்த்தால் போதும். ஒரே கோப்பிலிருந்து வந்த ரெண்டரில் எண்ணிக்கை மாறவே மாறாது, ஒரே பொருளை எடுத்த போட்டோவிலும் மாறாது. ஒரே ஒரு படம் மட்டும் போட்டிருந்தால் இந்தச் சோதனை செய்ய முடியாது. அப்படிப்பட்ட விளம்பரத்தை நான் இப்போது கடந்து போய்விடுகிறேன்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவலைப் பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். பார்க்கலாம், கம்ப்யூட்டரில் exiftool என்ற நிரல் இருந்தால் ஒரு கட்டளைதான்:

```
exiftool -G1 -a -s padam.jpg
```

இதில் `DigitalSourceType` என்ற வரி வந்து, அதில் `trainedAlgorithmicMedia` என்று இருந்தால், படத்தைச் செய்த கருவியே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேமராவின் பெயரும் லென்சின் அளவும் வந்தால் ஓரளவு நல்ல அறிகுறி, ஆனால் அதையும் யாரும் எழுதிச் சேர்க்க முடியும். பெரும்பாலும் இரண்டும் வராது. விற்பனைத் தளங்கள் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது இந்தத் தகவலைத் துடைத்துவிடுவது வழக்கம், வாட்ஸாப்பில் வந்த படத்திலும் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒன்றும் வராதபோது அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. படத்தைப் போட்டால் 'இத்தனை சதவீதம் போலி' என்று சொல்லும் தளங்களையும் இதே காரணத்துக்காக நான் நம்புவதில்லை. சுருக்கிச் சுருக்கிச் சேமித்த படத்தில் அவை தேடும் நுண்ணிய தடயங்கள் அழிந்துபோகின்றன. நானே செய்த ரெண்டரை ஒரு தளம் போட்டோ என்றது.

அதைவிட எனக்குப் பயன்பட்டது படத்தை வைத்துத் தேடுவது. கூகுள் லென்சிலும் டின்ஐயிலும் அக்காவின் மேசைப் படத்தைப் போட்டேன். அதே படம், அதே துணிச் சுருக்கத்தோடு, நாலு வேறு வேறு பெயர்களில் விற்கப்பட்டது. ஒன்றில் உயரம் 50 செமீ, இன்னொன்றில் 62. ஒரு படத்துக்கு இரண்டு உயரம் இருக்க முடியாது. 62 போட்டிருந்த விளம்பரத்தோடுதான் படம் பொருந்தியது. மற்றவர்கள் அந்தப் படத்தை எடுத்துத் தங்கள் பொருளுக்கு மாட்டியிருக்கிறார்கள். ஆக, அந்த ரெண்டர் ஏதோ ஒரு மேசைக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம், அக்காவுக்கு வந்த மேசைக்குத்தான் அது பொய்.

அக்காவின் இரண்டாவது மேசை

இதையெல்லாம் அக்காவுக்கு ஃபோனில் பொறுமையாகச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு அவள் இடைமறித்தாள். "எண்ணிப் பாக்குறது, அளந்து பாக்குறது சரி. விக்கிறவங்ககிட்டயே டிராயரைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா என்ன?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருடம் படத்துக்குள்ளேயே விடை இருக்கும் என்று பழகியவன் நான்.

அதைக் கொஞ்சம் கூர்மையாக்கினோம். சும்மா ஒரு போட்டோ என்று கேட்டால் இருப்பதையே திருப்பி அனுப்புவார்கள். அதனால் யாரும் முன்கூட்டிச் செய்து வைத்திருக்காத கோணத்தைக் கேட்க வேண்டும். மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கம், டிராயரை முழுக்க வெளியே எடுத்த பிறகு உள்ளே, பலகையின் வெட்டுமுகம் பக்கத்தில் ஒரு பேனா. கூடவே அன்றைய தேதியைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டு. அதையும் இன்று கருவியில் செய்துவிட முடியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் வந்த படங்களிலும் ஸ்க்ரூவை எண்ணச் சொன்னேன். அவள் மூன்று விற்பனையாளர்களுக்கு எழுதினாள். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் பளபளப்பான அதே பழைய படங்களை மறுபடி அனுப்பினார்.

மூன்றாமவர் மறுநாள் காலையில் ஐந்து படங்கள் அனுப்பியிருந்தார். அக்கா உடனே எனக்குத் தள்ளிவிட்டாள். வெளிச்சம் போதாமல் படங்கள் மஞ்சளாக இருந்தன, ஒன்றின் ஓரத்தில் யாருடைய செருப்போ விழுந்திருந்தது. கவிழ்த்த மேசையின் அடியில் சாக்பீஸால் ஒரு எண் எழுதியிருந்தது. டிராயர் ஓடும் மரச்சட்டத்தில் மெழுகு தேய்த்த வெள்ளைத் தடம் தெரிந்தது. வெட்டுமுகத்தில் வளையங்கள், அவை மேலே ஓடிய கோடுகளோடு விளிம்பில் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பின்பலகை மட்டும் மெல்லிய தகடு, சின்ன ஆணியால் அடித்திருந்தார்கள். ஒரு ஆணி சரிந்து போய் வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு படங்களில் ஆணிகளை எண்ணினேன், இரண்டிலும் பதினான்கு. சரிந்தது இரண்டிலும் மேலிருந்து மூன்றாவது.

ஃபோன் போட்டேன். நான் பேசுவதற்குள் அவளே சொன்னாள். "பின்பக்கம் ஒரு ஆணி சரியில்லடா, நானும் பாத்தேன். வந்ததும் அடிச்சுக்கலாம். ஆர்டர் போட்டுட்டேன்."